வந்தானா, வந்தாரா?

இப்போதெல்லாம் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைத் தூர தேசங்களுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருப்பவர்களும், பேரன் பேத்திகள் என்றாவது ஒருநாள் படிக்கட்டும் என்று நோட்டுப் புத்தகங்களை நிரப்பி வருகிறார்கள். தமிழ் வாத்தியார் என்ற பாத்தியதையால், அவற்றில் சில பிழை திருத்துவதற்காக நம்மிடம் வந்து சேருகின்றன. பாட்டனார் வெட்டிய கிணறு, வீட்டுக்கு முதன் முதலாக வந்த மின்சார விளக்கு, அத்தையின் கலியாணத்தில் காற்றோடு போன பந்தல் எல்லாம் ரசமாகவே இருக்கின்றன. ஆனால் அநேகமாக எல்லா நோட்டுகளிலும் ஓரிடத்தில் பேனா சற்றுத் தயங்கி நின்று, பிறகு ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. "அக்காலத்தில் சில வழக்கங்கள் இருந்தன, நாளடைவில் அவை மறைந்தன" என்பதே அந்தத் தாவல்.

இதில் எழுத்துப் பிழை கிடையாது. சந்திப் பிழையும் கிடையாது. ஆயினும் எழுவாய் எங்கே என்று மாணவனைக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. 'வழக்கங்கள்' என்பதுதான் எழுவாய். கிணற்றை வெட்டியவர் பாட்டனார். விளக்கைப் போட்டவர் தகப்பனார். தள்ளி நில் என்று சொன்னது மட்டும் வழக்கம்! நல்ல காரியத்துக்கெல்லாம் வீட்டில் ஆள் இருக்கிறது. இந்த ஒரு காரியத்துக்கு ஆளே இல்லை. செய்தவர் பெயர் மறைந்ததுமல்லாமல், யாருக்குச் செய்யப்பட்டதோ அவரும் வாக்கியத்தைவிட்டு வெளியே போய்விடுகிறார். தள்ளி நிற்கச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள், ஏட்டிலும் அவரைத் தள்ளியே நிறுத்திவிடுகிறார்கள்.

நம்முடைய குடும்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிரித்து எழுதுவது என்று தீர்மானித்தோம். நம் குடும்பம் காவிரிப் பாசனத்தில் நிலம் வைத்திருந்த வேளாளக் குடும்பம். நாம் சிறு பிள்ளையாய் இருந்த 1980களின் நடுவில், சேரியிலிருந்து ஒரு பெரியவர் நாள்தோறும் வேலைக்கு வருவார். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இருந்தாலும் வீட்டில் அவரைக் குறிப்பதற்கு இருந்த சொல் 'பண்ணையாள்' என்பதுதான். அவர் வாசல் வழியாக வருவதில்லை. சந்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக வருவார். கொல்லைக் கூரையின் இறவாணத்தில் ஓர் அலுமினியக் குவளை செருகியிருக்கும். அதை அவரே எடுத்து, அவரே கழுவி, இரண்டு கைகளாலும் நீட்டுவார். அப்பாயி சொம்பை உயரத் தூக்கி, குவளையில் படாமல் காப்பியை ஊற்றுவாள். ஊற்றும்போது ஒரு துளியும் சிந்தாது. அத்தனை வருஷப் பழக்கம்! குவளையை எடுத்துக்கொண்டு அவர் வைக்கோற்போருக்குப் பின்னால் போய்விடுவார். நிலத்துக்காரர் பார்க்க நின்று குடிப்பது மரியாதை அல்ல என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வழக்கம் என்ற எழுவாயை எடுத்துவிட்டு அப்பாயியை எழுவாயாக்கியவுடனே, மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது பார்த்தீர்களா? குவளை வந்தது, இறவாணம் வந்தது, ஊற்றிய உயரம் வந்தது. இவற்றையெல்லாம் எழுதுவதற்குக் கோபமோ கண்ணீரோ வேண்டியதில்லை. யார், எதை, எங்கே, எப்படி என்ற நான்கு கேள்விகள் போதும்.

ஆனால் இப்படி எழுதத் தொடங்கியவுடன், ஒரு சங்கடம் தமிழில் எழுதுகிறவனுக்கு நேர்ந்துவிடுகிறது. அந்தப் பெரியவர் கொல்லைப்புறமாக வந்தானா, வந்தாரா? நம்முடைய வினைச்சொல் விகுதி இல்லாமல் முடியாது. விகுதியோ மரியாதையைச் சொல்லாமல் விடாது. முதல் வாக்கியத்தின் கடைசி எழுத்திலேயே நாம் கட்சி சேர்ந்தாக வேண்டியிருக்கிறது. 'வந்தான்' என்று எழுதினால் அப்பாயியின் கொல்லைப்புறத்தை நாமும் தொடர்ந்து நடத்துகிறோம் என்று அர்த்தம். 'வந்தார்' என்று எழுதினாலோ, அந்த வீட்டில் அவரை எல்லாரும் 'வாங்க' என்று அழைத்ததாகப் படிக்கிறவர் நினைத்துக்கொள்வார், அது பொய்.

ஏனெனில், அந்த வீட்டில் அறுபது வயதுப் பெரியவரை ஆறு வயதுப் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். 'நீ, வா, போ' என்றார்கள். அவர் அந்தப் பிள்ளைகளைச் 'சின்னையா' என்றார். இதை யாரும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது. வகுப்பில் ஒருமை பன்மை மயக்கத்தைத் திருத்துவதற்கு நாம் வருஷக் கணக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம். ஆனால் எவரை 'நீங்க' என்பது, எவரை 'நீ' என்பது என்ற இலக்கணத்தைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே குழந்தைகள் பிழையின்றிக் கற்று முடித்துவிடுகின்றன. வயதில் மூத்தவருக்குப் பன்மை என்பது விதி. கொல்லைப்புறமாக வருகிறவர் அதற்கு விலக்கு. விதியைச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. விலக்கைச் சொல்லிக் கொடுப்பவர்கள் இல்லை. காதில் விழுவதே போதும். துவேஷம் என்று நினைத்தால் ஏதோ கடுகடுத்த முகமும் வசைச் சொல்லும் நினைவுக்கு வருகின்றன. வீடுகளில் அது பெரும்பாலும் சிரித்த முகத்தோடு, வெறும் இலக்கணமாகத்தான் இறங்கி வருகிறது.

நமக்கு இது விளங்கியது வீட்டில் அன்று, கல்லூரிப் புத்தகசாலையில். பாமா எழுதிய 'கருக்கு' 1992ஆம் ஆண்டில் வெளிவந்த நூல். தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், தம் வாழ்க்கையைத் தம் ஊர்ப் பேச்சிலேயே எழுதியது. அதில் அவருடைய பாட்டி, நிலமுடைய நாயக்கர் வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அந்த வீட்டுச் சின்னஞ்சிறு பிள்ளைகள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை ஏவுகின்றன. அவளோ அந்தப் பொடியனை 'ஐயா' என்று சொல்லிக்கொண்டு ஓடியாடுகிறாள். பேத்தி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நம் வீட்டுக் கொல்லைப்புறக் காட்சியை, கொல்லைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருவர் முன்னமேயே எழுதி அச்சிட்டுவிட்டார்! நம் வீட்டு நோட்டுப் புத்தகங்களில் ஒரு வரியில் தாவிப் போகிற விஷயம், அந்தப் பக்கத்தில் ஒருவருடைய பாட்டியின் கதையாக இருக்கிறது. குடும்ப வரலாறு எழுத விரும்புகிறவர்கள் முதலில் இத்தகைய நூல் ஒன்றைப் படித்துவிட்டு உட்காருவது நல்லது. தாம் எழுதப் போவது புதிய ரகசியம் அல்ல, மற்றவர்கள் எப்போதோ அறிந்த விஷயம் என்பதாவது அதனால் தெரியவரும்.

ஆகவே விகுதி விஷயத்தில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கதை சொல்லும் குரலில் அவர் 'வந்தார், நின்றார், வாங்கினார்.' வீட்டார் பேசும் பேச்சை எழுதுமிடத்தில் அவர்கள் பேசியபடியே, 'அவன் வந்தானா?' என்றுதான் இருக்கும், அதைத் திருத்துவதில்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும்போது, படிக்கிறவருக்கு ஒரு நெருடல் உண்டாகிறது. அந்த நெருடல் இருக்க வேண்டியதுதான்.

இனி, மறந்த கதை. கற்றதை எழுதுவதைவிட, கற்றதை மறந்ததை எழுதுவது கடினம். இந்தப் பகுதிக்கு வந்ததும் எல்லா நோட்டுகளிலும் ஒரு வீரன் தோன்றிவிடுகிறான். "நாங்கள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம்" என்று ஒரு வாக்கியம்; உடனே சரித்திரம் சுபமாக முடிந்துவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அச்சட்டம் 1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டலில் தனிக் குவளை வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆனால் எந்தச் சட்டமும் பிரதிப் பெயர்ச் சொல்லைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வருவதில்லை. அதை நாக்குதான் தானாக விட வேண்டும். நாக்கோ அவ்வளவு சுறுசுறுப்பான உறுப்பு அல்ல.

கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அந்தப் பெரியவரை 'வாங்க' என்று சொல்லிப் பார்த்தோம். அவர் யாரைச் சொல்கிறோம் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "அப்படிச் சொல்லாதீங்க, சின்னையா. பெரியவங்க காதிலே விழுந்தா எனக்குத்தான் பொல்லாப்பு" என்றார். நம்முடைய ஞானோதயத்துக்கு ஆகும் செலவு அவர் கணக்கில் எழுதப்படும் என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார். அப்புறம் பழைய 'நீ' வாயில் வரவில்லை. புதிய 'நீங்க'வுக்கு அவரும் வீடும் இடம் தரவில்லை. இப்படி இரண்டுங்கெட்டான் நிலையில் அகப்பட்டவர்களுக்குத் தமிழ்ப் பேச்சு ஒரு சந்து வழி வைத்திருக்கிறது. "சாப்பிட்டாச்சா?", "எப்ப வந்தது?", "உடம்புக்குத் தேவலையா?" என்று ஆளே இல்லாமல் பேசிக்கொண்டு போகலாம். இரண்டு வருஷ காலம் அந்தச் சந்து வழியிலேயே நடந்தோம். அப்பாயி காலமான பிறகுதான், அந்த வீட்டில் 'நீங்க' என்பது யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணச் சொல்லாயிற்று. 'நீ', பிறகு 'ஆச்சா', பிறகு 'நீங்க': இதுதான் நாம் நடந்த பாதை. இதில் வீரம் எதுவும் இல்லை. ஆனால் எழுதுவதற்கு ஏற்ற உண்மை இருக்கிறது.

அப்பாயியும் சற்று மாறினாள் என்பதை எழுதாமல் விடுவது அநியாயம். அந்தப் பெரியவரின் மகள் படித்துப் பட்டம் பெற்று, அரசாங்கப் பள்ளியில் ஆசிரியையானார். ஒருநாள் தகப்பனாரோடு நம் வீட்டு வழியே வந்தபோது, அப்பாயி திண்ணையிலிருந்து, "டீச்சரம்மா, வாங்க" என்றாள். அதே மூச்சில் பெரியவரைப் பார்த்து, "நீ கொல்லைப் பக்கமா வா" என்றாள். பன்மை உத்தியோகத்துக்குக் கிடைத்தது, மனிதருக்குக் கிடைக்கவில்லை. மகள் அன்று திண்ணையில் ஏறவில்லை; தகப்பனாரோடு கொல்லைப்புறமாகவே போனார். "பாட்டி கடைசியில் திருந்திவிட்டாள்" என்று எழுதுவதற்கு நமக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது பாதிதான். பாதியைப் பாதி என்றே எழுத வேண்டும்.

இது எவ்வளவு மெதுவான காரியம் என்பதற்கு மகாத்மாவின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கும் சம்பவம் இது. 1898ஆம் ஆண்டு, டர்பன் நகரம். காந்தியின் வீட்டில் அவருடைய குமாஸ்தாக்கள் தங்கியிருந்தார்கள். அறைகளில் நீர் போக வழியில்லாததால் கலயங்கள் வைக்கப்பட்டிருந்தன. புதிதாக வந்த ஒரு குமாஸ்தா, பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். மற்றவர்களுடைய கலயங்களைச் சுத்தம் செய்த கஸ்தூரிபாவுக்கு, இவருடையதை எடுப்பது பொறுக்கவில்லை. கண்கள் சிவக்க, கலயத்தைக் கையில் ஏந்தி அவர் ஏணிப்படியில் இறங்கி வருகிறார். செய்தால் மட்டும் போதாது, மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று கணவர் கத்துகிறார். கையைப் பிடித்து வாசற்கதவு வரை இழுத்துப் போகிறார். அயல் தேசத்தில் நான் எங்கே போவேன், உமக்கு வெட்கமில்லையா என்று அந்த அம்மையார் கேட்ட பிறகுதான் அவருக்குச் சுரணை வருகிறது.

தீண்டாமையை எதிர்த்தவர் காந்தி. பழைய பழக்கத்தில் நின்றவர் கஸ்தூரிபா. ஆயினும் எழுதும்போது காந்தி தம்மை வீரனாக நிறுத்தவில்லை. கொடுமைக்காரக் கணவனாகவே நிறுத்துகிறார். கருத்தை மாற்றிக்கொண்டவன் தன் வீட்டாரை எப்படி நடத்தினான் என்பதும் வரலாற்றில் சேர்ந்ததுதான் என்பதை அந்த அத்தியாயம் காட்டுகிறது. மேலும், கதை அங்கே முடியவில்லை. 1915ஆம் ஆண்டில் அகமதாபாத் ஆசிரமத்தில் தூதாபாய், தானிபென் தம்பதிகளையும் அவர்களுடைய குழந்தை லட்சுமியையும் சேர்த்துக்கொண்டபோது, கஸ்தூரிபாவுக்கும் மற்றப் பெண்களுக்கும் அது பிடிக்கவில்லை என்று காந்தியே குறித்திருக்கிறார். 1938ஆம் ஆண்டில், ஹரிஜனங்களுக்குக் கதவு திறவாத பூரி ஜகந்நாதர் ஆலயத்துக்குள் கஸ்தூரிபா சென்று தரிசித்ததும், காந்தி மிகவும் மனம் நொந்து, சரியாக எடுத்துச் சொல்லாதது தம் குற்றமே என்று ஏற்றுக்கொண்டதும் யாவரும் அறிந்ததே. 1898க்கும் 1938க்கும் நடுவே நாற்பது வருஷங்கள். மகாத்மாவின் வீட்டிலேயே நாற்பது வருஷம் என்றால், நம் வீட்டு நோட்டில் ஒரே பாராவில் எல்லாரும் திருந்திவிடுவதை எப்படி நம்புவது?

ஆனால் காந்தியின் அத்தியாயத்திலும் ஒருவர் பேசவில்லை. கீழே இவ்வளவு ரகளை நடந்தபோது அந்தக் குமாஸ்தாவின் காதில் என்ன விழுந்தது? மறுநாள் காலையில் அவர் அந்த அறையில் எப்படி விழித்தெழுந்தார்? அவருடைய பெயர்கூட அங்கே இல்லை. எவ்வளவு யோக்கியமாக எழுதினாலும், இந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறவனுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பக்கத்தில் மீதியிருக்கத்தான் செய்கிறது.

நாம் எழுதியதை முதலில் சித்தப்பாவிடம் காட்டினோம். படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எழுதியிருப்பதில் பொய் இல்லை. ஆனால் அம்மா செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவளைக் கூண்டிலே ஏற்ற வேண்டுமா? உனக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தவள் அவள்" என்றார். அதுவும் உண்மை. ஆகையால் அதையும் எழுதிச் சேர்த்தோம். காய்ச்சல் நெற்றியில் ஈரத் துணி போட்ட கையும், சொம்பை உயரத் தூக்கிய கையும் ஒரே கைதான். ஒன்றை எழுதினால் மற்றது அழியும் என்று சித்தப்பா பயப்படுகிறார். அந்த அன்பான கை தூக்கியதனால்தான், அது தப்பாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது நம் எண்ணம். சித்தப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. அதையும் எழுதியிருக்கிறோம்.

அடுத்தபடியாக, ஓய்வு பெற்றுத் தஞ்சையில் வசிக்கும் அந்த ஆசிரியையிடம் காட்டினோம். அவருடைய தகப்பனாரைப் பற்றி எழுதிவிட்டு அவரைக் கேட்காமல் இருப்பது முறையல்ல. அவர் பொறுமையாகப் படித்தார். பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்; அதனால்தான் இங்கே பெயர் இல்லை. பிறகு காப்பியைப் பற்றிய வரியில் விரலை வைத்தார். "எவ்வளவு வேலை இருந்தாலும் அப்பாயி ஒருநாளும் காப்பி கொடுக்காமல் அவரை அனுப்பியதில்லை" என்பது அந்த வரி. நம் குடும்பத்தில் எல்லாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது.

"இதிலே ஒன்று உங்களுக்குத் தெரியாது, சார். அப்பா உங்கள் வீட்டுக் காப்பியை ஒருநாளும் குடித்ததில்லை. வைக்கோற்போருக்குப் பின்னாலே கொட்டிவிட்டு, குவளையைக் கழுவிச் செருகிவிட்டு வந்துவிடுவார். வீட்டுக்கு வந்துதான் தண்ணீர் குடிப்பார். எங்களுக்கெல்லாம் தெரியும்" என்றார்.

அந்த வரியை நாம் அடிக்கவில்லை. அதற்குக் கீழே, அவருடைய அனுமதியோடு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்திருக்கிறோம்.